ஜன்னலைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு?

மார்கழி பிறந்ததும் கிளியனூர்ப் பக்கத்து பெயிண்ட் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கும். பொங்கலுக்குள் வீட்டுக்கு ஒரு கை அடித்துவிட வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்பது கலரை அல்ல, "எத்தனை சதுர அடி?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பலர் வீட்டின் தரைப் பரப்பைச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் சுவரின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கிச் சொல்கிறார்கள். இன்னும் கவனமானவர்கள் கதவையும் ஜன்னலையும் கழித்துவிட்டு ஒரு எண்ணோடு வருகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி மூன்றாமவர் சொல்வதே சரி. ஆனால் அவர் கையில் இருக்கும் எண்ணிலும் ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரையும் விரித்துப் போட்டால் 44 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட ஒரே பரப்பு, அதாவது 440 சதுர அடி. மேல்தளம் தனி. அதற்கு வெள்ளை அடிப்பதால் அந்தக் கணக்கை இங்கே சேர்க்கவில்லை. அறையில் 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்று, 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டு, 2 அடிக்கு ஒன்றரை அடி வெண்டிலேட்டர் ஒன்று. கதவு 21, ஜன்னல்கள் 32, வெண்டிலேட்டர் 3, ஆக மொத்தம் 56 சதுர அடி. 440-இல் இதைக் கழித்தால் 384.

இப்போது அந்த ஜன்னலின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இரு பக்கமும் பூச்சு ஏறினால் கனம் ஏறக்குறைய பத்து அங்குலம் வரும். ஜன்னல் சட்டம் அந்தக் கனத்தில் மூன்று அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். சட்டத்தை வெளிப்பக்கம் ஒட்டி வைத்திருந்தால், உள்ளே குறைந்தது ஆறு அங்குலம் சுவரின் கனம் மேலும் கீழும் இரு பக்கமும் தெரியும். அந்த நான்கு பட்டைகளுக்கும் அதே பெயிண்டைத்தான் அடிக்கிறோம். ஜன்னலின் சுற்றளவு 16 அடி. அதை அரை அடியால் பெருக்கினால் 8 சதுர அடி. ஜன்னல் சுவரிலிருந்து 16-ஐ எடுத்துக்கொண்டு 8-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இரண்டு ஜன்னலுக்கு 16 சதுர அடி திரும்பி வருகிறது.

வெண்டிலேட்டரில் இது இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. அதன் சுற்றளவு 7 அடி, பக்கப் பட்டைகளின் பரப்பு மூன்றரை சதுர அடி. ஓட்டையின் பரப்போ 3 சதுர அடிதான். சுவரில் ஓட்டை போட்டதால் பெயிண்ட் குறையவில்லை, அரை சதுர அடி கூடியிருக்கிறது. ஓட்டையின் பரப்பு அதன் பக்க அளவின் வர்க்கமாக வளர்கிறது. சுற்றுப் பட்டையோ பக்க அளவோடு மட்டுமே வளர்கிறது. அரை அடி ஆழம் உள்ள சதுர ஓட்டைக்கு இரண்டும் சமமாகும் இடம் 2 அடி. அதைவிடச் சிறிய ஓட்டை எதுவானாலும் பெயிண்டைக் கூட்டும். பெரியதானால் குறைக்கும், பெரிதாகப் பெரிதாக வேகமாகக் குறைக்கும்.

கதவில் நிலை எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கதவு அறைக்குள் திறப்பதானால் நிலையைப் பெரும்பாலும் உட்சுவரோடு சமமாக வைப்பார்கள். அப்போது உள்பக்கம் பட்டை எதுவும் தெரியாது, 21-ஐ முழுதாகக் கழித்துவிடலாம். ஆக இந்த அறையில் கழித்தது 56, திரும்பி வந்தது பத்தொன்பதரை. பெயிண்ட் ஏறும் உண்மையான பரப்பு நானூற்று மூன்றரை சதுர அடி. கதவு ஜன்னல் எல்லாம் சேர்ந்து சுவரில் எட்டு சதவீதத்தைத்தான் குறைத்திருக்கின்றன. மனதுக்குள் நாம் போட்ட கழித்தல் ஏறக்குறைய பதின்மூன்று சதவீதம்.

வெளிச்சுவரில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். அங்கே ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் இருக்கிறது. 5 அடி நீளம், ஒன்றரை அடி நீட்டம் என்று வைத்தால் அடிப்பக்கம் ஏழரை, மேற்பக்கம் ஏழரை, முன் விளிம்பும் இரு ஓரங்களும் சேர்ந்து இன்னும் 2 சதுர அடி. அது சுவரில் ஒட்டியிருக்கும் இடத்தைக் கழித்துவிட்டாலும் 15 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். 16 சதுர அடி ஜன்னலைக் கழித்தது அப்படியே நேராகிவிட்டது. சன்ஷேட்டின் மேற்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான், கம்பி துருப்பிடிக்கத் தொடங்குவதும் அங்கேதான். கடற்கரையோர ஊர்களில் முதலில் அடிக்க வேண்டிய பரப்பு அது என்பேன். சன்ஷேட் உள்ள வெளிச்சுவருக்கு ஜன்னலைக் கழிக்காமலே கணக்குப் போடலாம், பெரிய தவறு வராது.

இந்த விஷயத்தை அரசு அளவீட்டு முறையும் தெரிந்துதான் வைத்திருக்கிறது. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200. பூச்சு வேலைக்கு அதில் ஓட்டைகளை மூன்று அளவாகப் பிரித்திருக்கிறார்கள், வெள்ளையடிப்புக்கும் பெயிண்டுக்கும் அதே வழிதான். அரை சதுர மீட்டர் வரை, அதாவது ஐந்தரை சதுர அடி அளவுக்குள் இருந்தால் கழிப்பதில்லை, பக்கப் பட்டைகளைக் கூட்டுவதும் இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, சுவரின் ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது பட்டைகளுக்கு ஈடு. இரு பக்கத்துக்கும் வெவ்வேறு பூச்சு என்றால், பட்டை எந்தப் பக்கம் குறைவாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் கழிப்பார்கள். 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் சமாதானமெல்லாம் கிடையாது, இரு பக்கமும் கழித்துப் பட்டைகளைத் தனியாக அளந்து கூட்ட வேண்டும்.

நம் அறையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வெண்டிலேட்டரைத் தொட வேண்டியதில்லை. ஜன்னலுக்குப் பட்டை உள்ளேதான் அதிகம், ஆகவே கழித்தல் வெளிச்சுவருக்குப் போய்விடும். கதவுக்கு உள்ளே பட்டை இல்லை, ஆகவே 21 உள்ளேயே கழியும். விதிப்படி அறையின் அளவு 419 சதுர அடி. நாம் பட்டை பட்டையாக அளந்து கண்ட நானூற்று மூன்றரைக்கும் இதற்கும் நான்கு சதவீதம்தான் வித்தியாசம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இவ்வளவு நெருக்கமாக வருவது அந்த விதியை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. அது வேலைக்குப் பணம் கொடுப்பதற்கான அளவு. ஜன்னல் ஓரத்தில் பிரஷ்ஷை வைத்து நேர்கோடு பிடிப்பது வெற்றுச் சுவரில் ரோலரை உருட்டுவதைவிட மெதுவான வேலை. அதனால்தான் சதுர அடிக் கூலி பேசும் பெயிண்டர் ஜன்னலைக் கழிக்க மாட்டேன் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. கூலிக்கு 440 என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பெயிண்ட் வாங்க நானூற்று மூன்றரை என்று வைத்துக்கொள்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கழித்துவிட்ட கதவும் எங்கும் போய்விடுவதில்லை, எனாமல் பெயிண்ட் கணக்கில் வந்து நிற்கும். அங்கே பலகைச் சட்டக் கதவை அளக்கும்போது மேடு பள்ளம், ஓரம், நிலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 1.3 மடங்கு என்று எடுப்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் வழக்கம். 21 சதுர அடிக் கதவு ஒரு பக்கத்துக்கு 27 சதுர அடியாகிவிடும்.

சரி, பரப்பு தெரிந்துவிட்டது. லிட்டர் எவ்வளவு?

பெயிண்டின் அளவு என்பது பரப்பையும் படலத்தின் கனத்தையும் பெருக்கி வருவது, வேறொன்றும் இல்லை. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்த உட்சுவரில் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 10 சதுர மீட்டர். அப்படியானால் ஈரப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் தண்ணீர் ஆவியாகிப் போனபின் சுவரில் நிற்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு கோட் அடித்து முடித்தாலும் சுவரைக் காப்பது ஒரு தலைமுடியின் கனம் உள்ள படலம்.

நானூற்று மூன்றரை சதுர அடிக்கு இரண்டு கோட் என்றால் 807. அதை 110-ஆல் வகுத்தால் ஏழு லிட்டர் முந்நூற்று நாற்பது மில்லி. எதையுமே கழிக்காமல் 440-ஐ வைத்துப் போட்டால் சரியாக 8 லிட்டர். பட்டைகளை மறந்துவிட்டு 384-ஐ வைத்துப் போட்டால் 7 லிட்டருக்குச் சற்றே கீழே. டப்பாக்கள் 1, 4, 10, 20 லிட்டர்களில் வருகின்றன. 384 என்று நம்பியவர் ஒரு நாலு லிட்டரும் மூன்று ஒரு லிட்டரும் வாங்குவார். கடைசி ஜன்னல் பட்டையில் பெயிண்ட் தீர்ந்துபோகும். மறுபடி கடைக்குப் போய் வாங்கும் டப்பாவில், அதே எண்ணைச் சொல்லிக் கலந்தாலும், நிறம் ஒரு பொடி மாறி வரலாம். சுவரின் நடுவில் அந்தச் சேர்மானம் தெரியும். எட்டு லிட்டரும் முதலிலேயே வாங்கி, ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டு அடிப்பதுதான் வழி. நாலு லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் மிஞ்சும் அறுநூற்றுச் சொச்சம் மில்லி பின்னால் ஆணி பிடுங்கிய இடங்களை மறைக்க உதவும்.

மேலே வந்த 110 என்ற எண்ணை நான் சும்மா எடுத்துக்கொண்டேன். கணக்கின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. டப்பாவில் அச்சிட்டிருப்பது வழுவழுப்பான, உறிஞ்சாத பரப்பில் கிடைத்த அளவு. பஞ்சு தேய்த்து முடித்த சொரசொரப்பான வெளிச்சுவர் கண்ணுக்கு ஒரு சதுர அடியாகத் தெரிந்தாலும் பிரஷ்ஷுக்கு அப்படி இல்லை. மேடும் பள்ளமும் 45 டிகிரி சரிவில் ஏறி இறங்கினால் அதன் உண்மைப் பரப்பு 1.4 மடங்கு. போதாததற்கு, புதுப் பூச்சு பெயிண்டில் உள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே 110 என்பது 70, 80 என்று இறங்கிவிடுவது இயல்பு. ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பது எட்டு சதவீதப் பிரச்சினை. சுவரின் தாகத்தைத் தவறாக மதிப்பிட்டால் முப்பது சதவீதம் போய்விடும்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். கால் லிட்டர் பிரைமரை அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, சுவரின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி தீரும் வரை அடியுங்கள். அடித்த இடத்தின் நீள அகலத்தைப் பெருக்கி நான்கால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்பது வந்துவிடும். எமல்ஷனின் முதல் கோட்டுக்கும் இதையே செய்யலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் கலக்கும் முன் பெயிண்டை அளக்க வேண்டும். அளவாகத் தண்ணீர் சேர்க்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருக்கும், அதில் தவறில்லை. ஆனால் நாலு லிட்டர் பெயிண்டில் சொன்னதற்கு மேல் ஒரு லிட்டர் தண்ணீர் கலந்துவிட்டு, "நல்லா போகுதுங்க" என்று பெயிண்டர் சொன்னால், படலத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் தெருவில் அந்தத் தண்ணீரைக் கலக்கவே கூடாது. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிசின் துளிகள். கரைந்த உப்பு அதிகமானால் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். திரளாவிட்டாலும் உப்பு படலத்துக்குள்ளேயே தங்கி, பின்னால் ஈரத்தை இழுக்கும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் பெயிண்ட் கணக்கு முடியாது. கிழக்கே கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு, அதைத் தாண்டி மரக்காணத்து உப்பளங்கள், அப்புறம் கடல். காற்றில் வருவது கொஞ்சம். மணலோடும் கலவைத் தண்ணீரோடும் சுவருக்குள் ஏற்கெனவே போய்விட்டது இன்னும் கொஞ்சம். அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்புப் படலம் இல்லாத வீடுகளில் நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறும்போது கொண்டுவருவதுதான் அதிகம். இதைத்தான் ஓதம் ஏறுவது என்கிறோம். தண்ணீர் சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும், கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிடும்.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். உப்பளத் தொழிலாளிகள் இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். கடலோரத்தில் இரவின் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிப் போவதும் மதிய வெயிலில் கீழே இறங்குவதும் சாதாரணம். அப்படியானால் சுவருக்குள் இருக்கும் உப்பு நாளுக்கு ஒரு தடவை கரைந்து ஒரு தடவை படிகமாகலாம். நுண்துளைக்குள் வளரும் படிகம் சுற்றியுள்ள பூச்சைத் தள்ளும். மேலே எமல்ஷன் படலம் மூடியிருந்தால் படிகம் அதற்கு அடியில் சேர்ந்து அதைத் தூக்கிவிடும். முதலில் கொப்புளம், பிறகு செதில், பிறகு கையால் தடவினாலே கொட்டும் மண். சுவர் உப்பரித்துப்போச்சு என்கிறார்கள்.

பொங்கல் பெயிண்ட் இந்த ஊர்களில் ஏன் சித்திரைக்குள் உரிகிறது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2020-இல் நிவர் புயல் நவம்பர் 25 இரவு மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தது. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. அங்கிருந்து பொங்கலுக்கு ஒன்றரை மாதம். நனைந்து ஊறிய ஒன்பது அங்குலச் சுவர் அதற்குள் உள்ளே வரை காயாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், நாம் படலத்தைப் போட்டு மூடுவோம். பங்குனி வெயில் உள்ளே இருந்த ஈரத்தை வெளியே இழுக்கும்போது உப்பும் கூடவே வரும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் தயாராகவில்லை. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பழைய சுண்ணாம்பின் பொடியா என்ற சந்தேகமும் வரும். சிறிது சுரண்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், சுண்ணாம்புப் பொடி அடியில் தங்கும்.

உப்பு என்று தெரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுவதைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். பூச்சு மண்ணாகிவிட்டிருந்தால் தட்டி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் மறுபடி பூச வேண்டும். ஓதம் ஏறுவதே நிற்காத வீட்டில் அடிச்சுவருக்கு எமல்ஷன் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த உயரம் வரை பழைய படலத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பதே மேல். சுண்ணாம்புப் படலம் நீராவியை வெளியே விட்டுவிடும், உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும், துடைத்துவிடலாம். வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை, ஆனால் செலவு குறைவு, சுவரும் பிழைக்கும்.

நம் அறைக்கு அப்படிச் செய்தால் அடியிலிருந்து 3 அடி உயரம். 44-ஐ 3-ஆல் பெருக்கினால் 132. ஜன்னல்கள் அந்த உயரத்துக்கு மேலே தொடங்குவதால் கதவின் அடிப்பகுதி 9 சதுர அடி மட்டும் கழியும், மிச்சம் 123. நானூற்று மூன்றரையிலிருந்து இதை எடுத்துவிட்டால் எமல்ஷன் ஏறும் பரப்பு இருநூற்று எண்பது சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 5 லிட்டரும் ஒரு நூறு மில்லியும். கதவும் ஜன்னலும் சேர்ந்து குறைத்தது முக்கால் லிட்டர்கூட இல்லை, ஓதம் குறைத்தது இரண்டேகால் லிட்டர். நாலு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் இரண்டும் வாங்கி, கூட 123 சதுர அடிக்குச் சுண்ணாம்பும் வாங்கிக்கொள்ளலாம். கால் லிட்டர் எமல்ஷனில் உங்கள் சுவர் 110-க்குப் பதில் 90-தான் காட்டியது என்றால் 280-ஐ இரண்டால் பெருக்கி 90-ஆல் வகுங்கள், ஆறேகால் லிட்டர் வரும். அப்போது ஒரு லிட்டர் டப்பா இன்னொன்று.